சோதனைக்கு எத்தனை செய்தி போதும்? வகைப்படுத்தியின் துல்லியத்தை வேண்டிய வழு எல்லைக்குள் அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய ஒரு மாடி அறையில் நாங்கள் நான்கு பேர் வேலை செய்கிறோம். பார்சல் விநியோகிக்கும் ஒரு கம்பனிக்கு வாடிக்கையாளர்கள் அனுப்பும் செய்திகளைப் பிரித்துக் கொடுக்கும் வகைப்படுத்தி எங்களுடையது. பார்சல் வரவில்லை, உடைந்து வந்தது, காசுப் பிரச்சினை, முகவரி மாற்றம், மற்றவை என்று ஐந்து பிரிவுகள். முதல் தடவை 200 செய்திகளில் சோதித்தோம், 182 சரி, அதாவது 91%. அடுத்த மாதம் மொடலில் ஒரு மாற்றம் செய்து, புதிதாக 200 எடுத்துப் பார்த்தோம். இந்தத் தடவை 174 சரி, 87%.

“அக்கா, நாலு வீதம் விழுந்திட்டுது. போட்ட மாற்றத்தைத் திருப்பி எடுப்பமா?” என்று தம்பி ஒருவர் கேட்டார். எடுக்கத்தான் போனோம். நல்லவேளை, அதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். 200 செய்திகளில் 91% வந்தால் அதன் வழு எல்லை ஏறத்தாழ ±4, அதாவது உண்மையான துல்லியம் அந்த எண்ணிலிருந்து நான்கு புள்ளி வரை மேலேயோ கீழேயோ இருக்கலாம். 87% வந்தால் ±4.7. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்துக்கு ±6 வரை போகும். நாங்கள் பார்த்த நான்கு புள்ளி இறக்கம் அதற்குள்ளேயே அடங்கிவிட்டது. மொடல் கெட்டதா இல்லையா என்று சொல்லும் வலு அந்த 200 செய்திகளுக்கு இல்லை.

அப்புறம் உட்கார்ந்து சோதனைத் தொகுதியைச் சரியாகத் திட்டமிட்டோம். அந்த வழியை எங்கள் எண்களோடு இங்கே தருகிறேன்.

முதலில் முடிவு, பிறகுதான் வழு எல்லை

“எத்தனை செய்தி வேண்டும்?” என்று தொடங்கினால் விடை வராது. இந்த எண்ணை வைத்து என்ன முடிவு எடுக்கப் போகிறோம் என்று முதலில் எழுத வேண்டும். எங்கள் விஷயத்தில் முடிவு இதுதான்: துல்லியம் 85% க்கு மேல் என்றால் செய்தி நேராக உரிய பிரிவுக்குப் போகும், இல்லையென்றால் ஒருவர் பார்த்துத்தான் அனுப்புவார். பழைய சோதனைகள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் துல்லியம் 89% சுற்றில் இருக்கும் என்று தோன்றியது. எதிர்பார்க்கும் எண்ணுக்கும் 85 என்ற கோட்டுக்கும் இடையில் நான்கு புள்ளிகள்தான் இருக்கின்றன. வழு எல்லை அந்த இடைவெளியைவிடச் சிறியதாக இல்லாவிட்டால், சோதனை முடிந்த பிறகும் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று தெரியாது. ஆகவே ±3 என்று வைத்தோம்.

நம்பிக்கை மட்டம் 95%. இதே முறையில் 100 தடவை வேறு வேறு செய்திகளை எடுத்து ஒவ்வொரு தடவையும் கீழெல்லையிலிருந்து மேலெல்லை வரையான ஓர் ஆயிடையைக் கணக்கிட்டால், சுமார் 95 தடவை உண்மையான துல்லியம் அந்த ஆயிடைக்குள் இருக்கும் என்பது அதன் பொருள்.

அடிப்படைக் கணக்கு

ஒவ்வொரு செய்தியும் ஒன்று சரி, அல்லது பிழை. ஒன்றையொன்று சாராமல் எடுத்த n செய்திகளில் எத்தனை சரி என்பது ஈருறுப்புப் பரம்பல். அதிலிருந்து வரும் சூத்திரம்:

```
n = z² × p × (1 − p) / E²
```

95% நம்பிக்கைக்கு z = 1.96. E என்பது வேண்டிய வழு எல்லை. ±3 என்றால் 0.03. p என்பது நாம் எதிர்பார்க்கும் துல்லியம். துல்லியத்தை அளப்பதற்கே துல்லியம் தெரிந்திருக்க வேண்டுமா என்று பலர் இந்த இடத்தில் தடுமாறுவார்கள். தோராயமான ஊகம் போதும், ஆனால் ஊகத்தைக் கொஞ்சம் கீழே வையுங்கள். p × (1 − p) என்பது p பாதியாக இருக்கும்போதுதான் உச்சம். ஆகவே 50% க்கு மேற்பட்ட துல்லியத்தில் ஊகம் 50 ஐ நோக்கி இறங்க இறங்க, கணக்கு கூடுதல் செய்திகளைக் கேட்கும். ஊகம் தேவைக்குக் கீழே இருந்தால் கொஞ்சம் வேலை கூடும், அவ்வளவுதான். மேலே இருந்தால் வாக்குக் கொடுத்த வழு எல்லை கிடைக்காது.

நாங்கள் 0.85 வைத்தோம். 3.8416 × 0.85 × 0.15 / 0.0009 = 544.2. மேல்நோக்கி முழுமையாக்கினால் 545 செய்திகள். ஊகமே இல்லையென்றால் 0.5 வையுங்கள். ±3 க்கு 1068 வரும். கூட்டத்தில் இருக்கும்போது மனதால் போட வேண்டுமென்றால் 3.84 க்குப் பதில் 4 போடலாம்.

E வர்க்கமாகக் கீழே இருப்பதைக் கவனியுங்கள். வழு எல்லையைப் பாதியாக்கினால் வேலை நான்கு மடங்காகும். ±1.5 கேட்டிருந்தால் 2177 செய்திகள் தேவைப்பட்டிருக்கும். ஒரு செய்திக்கு இரண்டு பேர் தனித்தனியாக வாசித்து, சரியான பிரிவு எது என்று லேபல் போடுகிறார்கள், ஆளுக்கு அரை நிமிடம் என்று வைத்தால் 545 க்கு மொத்தம் ஒன்பது மணித்தியாலம். 2177 க்கு 36 மணித்தியாலத்துக்கும் மேல். 85 என்ற கோட்டைத் தீர்மானிக்க ±3 போதும் என்றிருக்கும்போது அந்தக் கூடுதல் உழைப்பு வீண்.

இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும். “மொத்தத் தரவில் பத்தில் ஒரு பங்கைச் சோதனைக்கு ஒதுக்கு” என்பார்கள். மேலே உள்ள சூத்திரத்தில் மொத்தத் தரவின் அளவு எங்குமே இல்லை. மாதம் 12,000 செய்தி வந்தாலும் 12 லட்சம் வந்தாலும் ±3 க்கு ஏறத்தாழ அதே 545 தான்.

545 வரிகள் 545 செய்திகளாக இருக்க வேண்டும்

எங்கள் முதல் 200 இல் இருந்த பெரிய கோளாறு எண்ணிக்கையில் இல்லை, எடுத்த விதத்தில் இருந்தது. ஒரு நாளின் கோப்பைத் திறந்து மேலிருந்து 200 வரிகளை வெட்டியெடுத்தோம். பின்னர் எண்ணிப் பார்த்தால் அந்த 200 செய்திகளும் 71 வாடிக்கையாளர்களிடமிருந்து வந்தவை. ஒருவர் காலை 9 மணியிலிருந்து `parcel innum varela` என்று நான்கு தடவை தட்டியிருந்தார், கடைசித் தடவை மூன்று கேள்விக்குறிகளோடு. மொடல் முதலாவதைச் சரியாகப் பிரித்தால் நான்கையும் சரியாகப் பிரிக்கும். பிழைத்தால் நான்கிலும் பிழைக்கும். நான்கு வரிகள் இருந்தும் தகவல் ஏறத்தாழ ஒரு வரிக்கு உரியதுதான்.

இதை எண்ணால் பிடிக்கலாம். ஒருவருக்குச் சராசரியாக m செய்திகள், ஒருவருடைய செய்திகள் சரி, பிழையில் ஒன்றுபோல இருக்கும் அளவு ρ என்றால், வழுவின் வர்க்கம் இத்தனை மடங்கு வீங்கும்:

```
1 + (m − 1) × ρ
```

எங்களுக்கு m = 2.8. ρ ஐ 0.4 என்று மதிப்பிட்டோம். வீக்கம் 1.72 மடங்கு. அப்படியானால் 200 வரிகளின் பெறுமதி 116 சாராத செய்திகளுக்குச் சமம், வழு எல்லையும் ±4 இலிருந்து ±5.2 ஆகிறது. ρ ஐக் கணக்கிடும்போது செய்திகளின் சொற்கள் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கக் கூடாது. ஒரே ஆளின் செய்திகளில் மொடல் சேர்ந்தே சரியாகவும் சேர்ந்தே பிழையாகவும் போகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

இதற்கு மருந்து எளிது. முழு மாதத்தின் செய்திகளிலிருந்தும் எழுமாறாக ஒவ்வொரு செய்தியாக எடுங்கள். அடுத்தடுத்த வரிகளைத் துண்டாக வெட்டாதீர்கள். 12,000 இலிருந்து சில நூறு செய்திகளை எழுமாறாக எடுத்தால், ஒரே ஆள் திரும்பத் திரும்ப வருவது மிகக் குறைவு. ஆளுக்கு ஒரு செய்தி என்று கட்டாயமாக்கலாம்தான். ஆனால் அப்போது கிடைப்பது செய்திகளின் துல்லியம் அல்ல, வாடிக்கையாளர்களின் துல்லியம். நாங்கள் செய்திகளைத்தான் அனுப்புகிறோம், ஆகவே செய்தியையே அலகாக வைத்தோம். சோதனைக்கு வந்த வாடிக்கையாளர்களின் மற்றச் செய்திகள் எதுவும் பயிற்சித் தரவில் இல்லாதபடி மட்டும் நீக்கினோம்.

ஒரே எண்ணுக்குள் மறையும் மூன்று கொழும்புகள்

இதுதான் இந்த ஊரில் கூடுதல் கவனம் கேட்கும் இடம். நேரடி ஆங்கிலச் செய்திகள் வேறு வரிசையில் போகின்றன. எங்களிடம் வருபவற்றில் 55% சிங்கள எழுத்து, 25% தமிழ் எழுத்து, மீதி 20% ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழும் சிங்களமும். கடைசி வகையில் `parcel eka awe na` என்பதும் `innum varela anna` என்பதும் ஒரே குவியலில் இருக்கும். ஒரே சொல்லை ஆளுக்கு ஒரு விதமாக எழுத்துக்கூட்டியிருப்பார்கள். மொடல் அதிகம் தடுமாறுவதும் இங்கேதான். முன்பு பார்த்த இப்படியான 40 செய்திகளில் 30 தான் சரி.

545 ஐ அப்படியே எழுமாறாக எடுத்தால் இந்த வகையில் சுமார் 109 தான் விழும். அந்த வகைக்கு மட்டும் வழு எல்லை ±8. தமிழ் எழுத்தில் சுமார் 136 விழும், அதற்கு ±6. ஒவ்வொரு வகையையும் நேராக அனுப்பலாமா என்று தனித்தனியே முடிவு செய்ய வேண்டியிருந்தது. அதற்கு இந்த எல்லைகள் போதாது. ஆகவே வகை வாரியாகக் கணக்கிட்டோம், ஒவ்வொன்றுக்கும் ±5.

ஆங்கில எழுத்து வகைக்கு p = 0.75 வைத்தால் 289 செய்திகள். மற்ற இரண்டுக்கும் p = 0.85 வைத்தால் தலா 196. பிறகு மொத்தத்துக்கு ±3 கிடைக்கிறதா என்று திரும்பிப் பார்க்க வேண்டும். மொத்தத்தின் வழு, பெரும் பங்கு உள்ள வகையில் தங்கியிருக்கிறது. கணக்கிட்டால் ±3.2 வந்தது. சிங்களச் செய்திகளை 196 இலிருந்து 250 ஆக்கியதும் ±2.9 க்கு இறங்கியது. ஆக 250, 196, 289, மொத்தம் 735.

மாதச் செய்திகள் எல்லாம் `df` என்ற pandas அட்டவணையில், எழுத்து வகை `script` என்ற நிரலில் இருந்தால், எடுப்பது ஒரு வரி வேலை:

```python
roman = df[df.script == "roman"].sample(289, random_state=7)
```

`random_state` ஐ எழுதி வையுங்கள். எந்தச் செய்திகள் வந்தன என்பதைப் பிறகு யாரும் சரிபார்க்கலாம். “இது பிடிக்கவில்லை, இன்னொரு தடவை எடுப்போம்” என்ற ஆசைக்கும் அது பூட்டுப் போடும்.

லேபலில் உள்ள பிழை எண்ணிக்கையால் கரையாது

`காசு கட்டியாச்சு, சாமான் வரேல்லை` என்று ஒரு செய்தி. ஒருவர் “காசுப் பிரச்சினை” என்றார், மற்றவர் “வரவில்லை” என்றார். இப்படி இரண்டு பேரும் முரண்பட்ட செய்திகளை மூன்றாமவர் தீர்த்தார், அதற்கான விதியையும் எழுதி வைத்தோம்: சாமான் கைக்கு வராதவரை அது “வரவில்லை”. வழு எல்லைச் சூத்திரம் எழுமாற்றால் வரும் ஆட்டத்தை மட்டுமே அளக்கிறது. லேபல்களில் 3% பிழை இருந்தால் 10,000 செய்திகள் எடுத்தாலும் அந்தச் சாய்வு அப்படியே நிற்கும். வழு எல்லை மட்டும் பார்க்க அழகாகச் சுருங்கியிருக்கும். ஆகவே நேரம் குறைவாக இருந்தால் செய்திகளைக் கூட்டாதீர்கள், இரண்டாவது ஆளைப் போடுங்கள்.

காலமும் அப்படித்தான். சித்திரைப் புத்தாண்டுக் கிழமையில் மட்டும் எடுத்த செய்திகளிலிருந்து வரும் ±3, ஆவணி மாதத்துக்குப் பொருந்தும் என்று எந்தச் சூத்திரமும் சொல்லவில்லை.

முடிவை வாசிப்பது

மொடலை ஒரே ஒரு தடவை ஓட்டினோம். சிங்கள எழுத்தில் 250 க்கு 231 சரி (92.4%). தமிழ் எழுத்தில் 196 க்கு 176 (89.8%). ஆங்கில எழுத்தில் 289 க்கு 211 (73.0%).

இப்போது எளிதில் விழக்கூடிய ஒரு பள்ளம். மூன்றையும் கூட்டி 735 ஆல் வகுத்தால் 618 / 735 = 84.1%. கோட்டுக்குக் கீழே! ஆனால் அது பிழையான எண். கடினமான வகையை நாங்களே வேண்டுமென்று கூடுதலாக எடுத்திருக்கிறோம். உண்மையில் 20% ஆக வருவது தொகுதியில் 39% ஆக இருக்கிறது. ஒவ்வொரு துல்லியத்தையும் அதன் உண்மையான பங்கால் பெருக்கிக் கூட்ட வேண்டும்:

```
0.55 × 0.924 + 0.25 × 0.898 + 0.20 × 0.730 = 0.879
```

87.9%. வழு எல்லைக்கு, ஒவ்வொரு வகையிலும் பங்கின் வர்க்கத்தை p × (1 − p) / n ஆல் பெருக்கி, மூன்றையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 1.96 ஆல் பெருக்குங்கள். ±2.3 வருகிறது. மொத்தத் துல்லியம் 85.5 க்கும் 90.2 க்கும் இடையில்.

தனி வகைகளுக்கு மேலே கூட்டிக் கழிக்கும் எளிய ± ஐ விட, எட்வின் வில்சன் 1927 இல் கொடுத்த ஆயிடை நல்லது. துல்லியம் 100% ஐ நெருங்கும்போது, அல்லது n சிறிதாக இருக்கும்போது எளிய சூத்திரம் பொய் சொல்லும். 100 க்கு 100 சரி என்றால் அது ±0 என்று காட்டும். வில்சன் கீழெல்லை 96.3% என்று நிதானமாகச் சொல்லும்.

```python
from statsmodels.stats.proportion import proportion_confint
proportion_confint(211, 289, alpha=0.05, method="wilson")
```

ஆங்கில எழுத்துக்கு இது 67.6 இலிருந்து 77.8 வரை தருகிறது. மேலெல்லையே 85 ஐத் தொடவில்லை, ஆகவே ஆள் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். சிங்கள எழுத்துக்கு 88.4 இலிருந்து 95.1, நேராக அனுப்பலாம். இரண்டிலும் பேச ஒன்றுமில்லை.

தமிழ் எழுத்துக்கு வந்ததுதான் சங்கடம்: 84.8 இலிருந்து 93.3. கீழெல்லை கோட்டுக்குக் கீழே ஒரு மயிரிழை. “இன்னும் ஒரு நூறு எடுத்துச் சேர்த்தால் தாண்டிவிடும்” என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. அதைச் செய்யக் கூடாது. எண் பிடிக்காதபோது மட்டும் கூட்டுவதும் பிடித்ததும் நிறுத்துவதும் 95% என்ற வாக்கை முறித்துவிடும். அந்தக் கணக்கு, n முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டது என்ற நிபந்தனையில்தான் நிற்கிறது. கீழெல்லை 85 ஐத் தாண்ட வேண்டும் என்று சோதனைக்கு முன்பே எழுதி வைத்திருந்தோம். தாண்டவில்லை, ஆகவே தமிழ்ச் செய்திகளையும் அந்த மாதம் ஆள் பார்த்தே அனுப்பினார். அடுத்த மாதத்துக்கு, இப்போது கையில் நம்பத்தக்க ஊகம் இருப்பதால், p = 0.9, ±3 என்று புதிதாகக் கணக்கிட்டோம். 385 புதிய செய்திகள், பழைய 196 ஐ அவற்றோடு கலக்காமல்.

தம்பியின் கேள்விக்கு விடை

மாற்றத்துக்கு முந்திய மொடலா, பிந்தியதா என்று ஒப்பிட இரண்டு வேறு தொகுதிகளை எடுத்ததுதான் எங்கள் ஆரம்பத் தவறு. ஒரே செய்திகளில் இரண்டையும் ஓட்டினால், இரண்டும் சேர்ந்து சரியாகவோ சேர்ந்து பிழையாகவோ பிரித்த செய்திகளை ஒதுக்கிவிடலாம். ஒன்று சரியாகவும் மற்றது பிழையாகவும் பிரித்தவை மட்டுமே ஒப்பீட்டுக்கு வேண்டும்.

அதே 735 இல் பழைய மொடலையும் ஓட்டினோம். 697 இல் வித்தியாசம் இல்லை. மீதி 38 இல் பழையது மட்டும் சரியானவை 21, புதியது மட்டும் சரியானவை 17. வித்தியாசம் 4. தற்செயலாகவே இந்த வித்தியாசம் 1.96 × √38 வரை, அதாவது 12 வரை ஆடக்கூடும். இது மக்னெமர் 1947 இல் கொடுத்த சோதனையின் எளிய வடிவம். 38 செய்திகளையும் அச்செடுத்துத் தம்பியிடம் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாக வாசித்து முடித்துவிட்டு, மாற்றத்தைத் திருப்பி எடுக்காமல் விட்டார்.